சம்பள நாளுக்கு முந்தைய இரவு: ஒரு சர்வர் முடக்கமும் இரண்டு நன்றிக் கடிதங்களும்

பின்னணி

கோவை சரவணம்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் நிறுவனம் சிறியது. மொத்தம் 31 பேர். திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர் வட்டாரத்தில் உள்ள 70 சொச்சம் பனியன் யூனிட்டுகளுக்கு உற்பத்திக் கணக்கும் சம்பளக் கணக்கும் போடும் மென்பொருளை நடத்துகிறோம். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று ஒவ்வொரு டேபிளிலும் யார் எத்தனை ஷிப்ட் பார்த்தார்கள், எத்தனை பீஸ் முடித்தார்கள் என்பது வாரம் முழுக்க எங்கள் சர்வரில் ஏறிக்கொண்டே இருக்கும்.

அங்கே சம்பளம் வாரா வாரம். சனிக்கிழமை சாயங்காலம் பணம் கைக்கு வந்தால்தான் வீட்டு வாடகை, மளிகை, ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம். அதனால் வெள்ளி இரவு 9 மணிக்கு எல்லா யூனிட்டுக்குமான கணக்கு ஒன்றாக ஓடத் தொடங்கும். வாரத்தில் எங்கள் சர்வருக்கு மிகக் கனமான நேரம் அது. இந்த நிகழ்வு அந்த நேரத்தில்தான் நடந்தது.

முடக்கத்தை எப்படிச் சரிசெய்தோம் என்பதை நிறுவனத்துக்குள் தனியாக எழுதி வைத்திருக்கிறோம். இங்கே நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. மீட்டவர்களுக்கு நன்றி சொல்லப் போய், நன்றியாலேயே ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டோம். அப்புறம் அதைத் திருத்தினோம். இரவில் நடந்தது தெரியாமல் இது புரியாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பொறியாளர் குழுவை நடத்துவது என் வேலை. யார் பெயரையும் எழுதவில்லை.

வெள்ளி இரவு

எங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அதில் எந்த மாற்றம் நடந்தாலும் முதலில் ஒரு மாற்றப் பதிவில் எழுதப்படும். அதன் பிறகே உரிய இடத்துக்குப் போகும். மின்சாரம் போனாலும் சர்வர் விழுந்தாலும், அந்தப் பதிவை மறுபடி வாசித்துத்தான் டேட்டாபேஸ் எழுந்து நிற்கிறது. இந்தப் பதிவுகள் 16 எம்பி கோப்புகளாக `pg_wal` என்ற அடைவில் சேரும், வேலை முடிந்த பழையவை தானாகவே நீங்கிவிடும். எங்களிடம் அந்த அடைவு 300 ஜிபி கொண்ட தனி டிஸ்க்கில் இருந்தது.

மூன்று வாரம் முன்பு, செலவைக் குறைக்க, முதன்மை சர்வரின் மாற்றங்களை வாங்கி நகல் வைத்திருந்த ஒரு துணை சர்வரை நிறுத்தியிருந்தோம். நிறுத்தும்போது அந்தத் துணை சர்வருக்காக முதன்மை சர்வரில் போட்டிருந்த ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை எடுக்கவில்லை. ஸ்லாட் என்பது ஒருவகை வாக்குறுதி: எதிர்ப்பக்கம் வந்து வாங்கிக்கொள்ளும் வரை பழைய பதிவு எதையும் அழிக்கமாட்டேன் என்று முதன்மை சர்வர் காத்திருக்கும். வாங்க ஆள் இல்லை. நாளுக்குச் சுமார் 14 ஜிபி வீதம் 21 நாள் சேர்ந்தது. டிஸ்க் நிரம்புகிறது என்ற எச்சரிக்கை மின்னஞ்சலாகப் போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் அது போய்ச்சேர்ந்த பொது முகவரியை வாசிக்கும் யாரும் அப்போது குழுவில் இல்லை.

இரவு 9:41-க்கு டிஸ்க்கில் இடம் தீர்ந்தது. டேட்டாபேஸ் நின்றது, தானே எழ முயன்று மறுபடி விழுந்தது. 9:44-க்கு டியூட்டிப் பொறியாளரின் போன் அடித்தது. குழுவில் சேர்ந்து எட்டு மாதம் ஆனவர். டிஸ்க் நிரம்பினால் என்ன செய்வது என்று எங்கள் கையேட்டில் ஒரு பக்கம் உண்டு. 'லாக் டிஸ்க்கில் 30 நிமிடத்துக்கு முந்தைய கோப்புகளை நீக்கவும்' என்று அதில் எழுதியிருந்தது. மென்பொருளின் சாதாரண லாக் கோப்புகளை மனதில் வைத்து எழுதிய வரி அது. நிரம்பிக் கிடந்த டிஸ்க்கின் பெயரோ `/data/dblog`. 9:52-க்கு அவர் கையேட்டில் உள்ளபடியே செய்தார்:

```
find /data/dblog -type f -mmin +30 -delete
```

`dblog` என்பது லாக் அல்ல. அதுதான் `pg_wal`. போஸ்ட்கிரெஸ் உலகத்தில் இது புதிய குழப்பமும் இல்லை. 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பு வரை அந்த அடைவின் பெயரே `pg_xlog`. லாக் என்று நினைத்துப் பலர் அழித்துவிடுகிறார்கள் என்பதற்காகத்தான் பெயரை மாற்றினார்கள். உலகமே மாற்றிய பெயரை எங்கள் டிஸ்க்கில் நாங்கள் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தோம்.

இடம் கிடைத்தது. 9:55-க்கு டேட்டாபேஸைத் தொடக்கினார், எழவில்லை. தனக்கு வேண்டிய பதிவுக் கோப்பைக் காணோம் என்று சொல்லி நின்றுவிட்டது.

9:59-க்கு அவர் குழுவின் வாட்ஸ்அப்பில் மூன்று வரி எழுதினார். ஓட்டிய கட்டளை அப்படியே, ஓட்டிய நேரம், 'நீக்கியது pg_wal என்று இப்போதுதான் தெரிகிறது, இனி எதையும் தொடவில்லை' என்ற வாக்கியம். அந்த மூன்று வரியின் மதிப்பு அன்றிரவு எங்களில் யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை. எனக்கு ஒரு வாரம் ஆனது.

மீட்பு

10:05-க்கு ஐந்து பேர் ஒரே அழைப்பில் இருந்தோம். மூத்த பொறியாளர் முதலில் சொன்னது: "யாரும் எதையும் தொட வேண்டாங்க. ரெண்டு டிஸ்க்கையும் ஸ்நாப்ஷாட் எடுத்துட்டு அப்புறம் பேசலாம்." அதற்கு 10 நிமிடம் போனது. சனிக்கிழமைச் சம்பளம் தலைக்கு மேல் நிற்கும்போது அந்த 10 நிமிடம் மிக நீளம். ஆனால் அந்த நகல் இருந்ததால்தான் பிறகு செய்த எதையும் தைரியமாகச் செய்ய முடிந்தது.

முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அன்று அதிகாலை 1 மணிக்கு எடுத்த முழு பேக்கப்பை புதிய சர்வரில் இறக்கி, மாற்றப் பதிவுகளின் நகல்கள் போய்ச் சேரும் காப்பகத்திலிருந்து அவற்றை எடுத்து அதன் மேல் ஓட்டுவது. நிச்சயமான வழிதான், ஆனால் ஐந்தாறு மணி நேரம் ஆகும். மற்றது, அழிந்த கோப்புகளில் தேவையானவற்றை மட்டும் காப்பகத்திலிருந்து எடுத்து இருந்த இடத்திலேயே வைத்து எழுப்புவது. இது வேகமானது. ஆனால் எந்தெந்தக் கோப்புகள் போயின என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்தே தொடங்கினோம். பேக்கப்பைப் பார்த்துக்கொள்பவர் 10:20-க்கு முதல் வழியில் இறங்கினார். மூத்தவரும் டியூட்டியில் இருந்தவரும் இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டார்கள்.

டேட்டாபேஸ் எந்தக் கோப்பிலிருந்து வாசிக்கத் தொடங்க வேண்டும் என்பதை `pg_controldata` சொல்லிவிடும்:

```
Latest checkpoint's REDO WAL file:    0000000100000A3C0000005F
```

அது 9:05-க்கு எழுதிய கோப்பு. கட்டளை 9:52-க்கு ஓடியது, 30 நிமிடத்துக்கு முந்தையதை அழித்தது. ஆக 9:22-க்கு முன் எழுதியது எல்லாம் போயிருக்கும். 9:05-க்கும் 9:22-க்கும் இடைப்பட்டவைதான் தேவை. கணக்குப் போட்டால் 142 கோப்புகள். மூன்று வார மலையில் மிச்சமெல்லாம் அந்த ஸ்லாட்டுக்காகக் கிடந்த குப்பை. இந்தக் கழித்தல் கணக்குக்கு வேண்டிய இரண்டு எண்களும், நேரமும் அந்த 30-உம், 9:59 செய்தியில் இருந்தவை. அவர் 'டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் எழவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால், என்ன காணாமல் போனது என்று கண்டுபிடிக்கவே நள்ளிரவு ஆகியிருக்கும்.

142 கோப்புகளும் காப்பகத்தில் இருந்தன. எடுத்து, ஒவ்வொன்றும் சரியாக 16 எம்பி இருக்கிறதா என்று பார்த்தார்கள். உடனே முதன்மை சர்வரில் வைக்கவில்லை. ஸ்நாப்ஷாட்டிலிருந்து ஒரு நகல் சர்வர் எழுப்பி அதில் முதலில் சோதித்தோம். அந்த இடத்தில் டியூட்டியில் இருந்தவர் ஒன்று கேட்டார்: "அண்ணா, நகல்ல ஆர்க்கைவ் ஆஃப் பண்ணிட்டோங்களா?" பண்ணவில்லை. நகல் சர்வர் எழுந்ததும் தன் பதிவுகளை உண்மையான காப்பகத்துக்கே அனுப்பியிருக்கும். இரண்டும் கலந்திருந்தால் அடுத்த முறை மீட்கவே வழியிருக்காது.

நகல் சர்வர் 24 நிமிடம் எடுத்துக்கொண்டு 12:34-க்கு எழுந்தது. முதன்மை 1:15-க்கு. ஸ்லாட்டை நீக்கி, டிஸ்க்கையும் பெரிதாக்கி, அட்டவணைகளைச் சோதித்தோம். ஐந்தாவது ஆள் 1:40-க்கு ஒன்றைக் கவனித்தார்: காப்பகத்துக்கு அனுப்பும் வரிசை நகரவே இல்லை. நாங்கள் திரும்ப வைத்த 142 கோப்புகளையும் சர்வர் புதிதென்று நினைத்து மறுபடி அனுப்பப் பார்த்தது. காப்பகம் 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று மறுத்தது. அப்படியே விட்டிருந்தால் பதிவுகள் மறுபடி குவியத் தொடங்கி, சில வாரத்தில் இதே கதை வந்திருக்கும். அவை அனுப்பி முடிந்தவை என்று குறித்துவிட்டு, 2:20-க்கு யூனிட்டுகளுக்குத் திறந்துவிட்டோம்.

மொத்தம் 4 மணி 39 நிமிடம். 9:41-க்கு முன் பதிவான எதுவும் போகவில்லை. பேக்கப் வழியில் இறங்கியவர் அப்போது பாதிக்கு மேல் முடித்திருந்தார். "நிறுத்திக்கலாங்க" என்றோம். நான்கு மணி நேர வேலையை ஒரு வார்த்தையில் கலைத்துவிட்டு எல்லோரும் தூங்கப் போனோம்.

அழைப்பில் இல்லாத ஒருவரும் உண்டு. திருப்பூரில் இருந்து சப்போர்ட் பார்க்கும் பெண் இரவு 10 மணி முதல் நைட் ஷிப்ட் ஓடும் யூனிட்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, பீஸ் கணக்கை நோட்டில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார். எத்தனை மணிக்குச் சரியாகும் என்று கேட்டவர்களிடம், "தெரியலைங்க, காலையில ஆறு மணிக்கு நானே கூப்பிட்டுச் சொல்றேனுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சொன்னபடி ஆறுக்குக் கூப்பிட்டார். சனிக்கிழமைச் சம்பளம் எந்த யூனிட்டிலும் தள்ளிப்போகவில்லை.

சனி காலை: முதல் நன்றி

காலை 7:10-க்கு எங்கள் நிறுவனர் நிறுவன குரூப்பில் எழுதினார். நல்ல மனதோடு எழுதினார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

> நேற்று இரவு ஒரு சிறு கவனக்குறைவால் நம் சர்வர் முழுக்கப் படுத்துவிட்டது. அந்த நிலையிலும் தனி ஆளாக விடிய விடிய உட்கார்ந்து நம்மைக் காப்பாற்றியவருக்கு எல்லோரும் ஒரு ஓ போடுங்கள்! அவர் இல்லையென்றால் இன்று நாம் இல்லை.

மூத்தவர் பெயர் அதில் இருந்தது. வரிசையாகக் கைதட்டல் படங்கள் விழுந்தன. நானும் ஒன்று போட்டேன்.

அடுத்த வாரம் கண்டது

முதலில் வந்தது அந்த மூத்தவரேதான். சனி மதியமே தனியாக எழுதியிருந்தார்: "அக்கா, தனி ஆளுன்னு போட்டது எனக்கே சங்கடமா இருக்குங்க."

திங்கட்கிழமை டியூட்டிப் பொறியாளர் வந்து, கொஞ்ச நாள் தன்னை டியூட்டி வரிசையிலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்டார். காரணம் கேட்டதற்கு, படிக்க நேரம் வேண்டும் என்றார். நிறுவனர் அவர் பெயரை எங்குமே எழுதவில்லை. ஆனால் 31 பேர் இருக்கும் இடத்தில், அன்று டியூட்டி யார் என்பது சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. 'கவனக்குறைவு' என்ற ஒரு சொல் போதும்.

பேக்கப் பார்ப்பவர் குறையாக எதுவும் சொல்லவில்லை. காபி குடிக்கும்போது, "நம்ம வேலை வேஸ்ட் ஆயிடுச்சு, பரவால்லைங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். மேலோட்டமாகப் பார்த்தால் அது உண்மை போலத்தான் இருக்கும். ஆனால் பக்கத்தில் அந்தப் பேக்கப் இறங்கிக்கொண்டிருந்ததால்தான், வேகமான வழியில் போனவர்கள் அவசரப்படாமல் நகல் சர்வரில் சோதித்துப் பார்க்கும் பொறுமையை வைத்திருக்க முடிந்தது. அது தோற்றாலும் விடிவதற்குள் இது வந்துவிடும் என்று தெரிந்திருந்தது.

எனக்கு உறைத்தது செவ்வாய்க்கிழமை நடந்ததுதான். சோதனை சர்வரில் ஒருவர் தவறான அமைப்பைப் போட்டுவிட்டார். பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் 40 நிமிடம் யாரிடமும் சொல்லாமல் தானே சரிசெய்யப் பார்த்திருக்கிறார். எங்கள் குழுவில் அப்படி ஒரு பழக்கம் அதற்கு முன் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை ஏழே நிமிடத்தில் வந்த செய்திதான் எங்களைக் காப்பாற்றியது. நான்கு நாளில் அது 40 நிமிடமாகிவிட்டது. நடுவில் நடந்தது அந்த வாழ்த்துச் செய்தி ஒன்றுதான். ஒன்று நடந்து மற்றொன்று நடந்தால் முதலாவதே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எனக்கு அப்படித்தான் பட்டது.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

செவ்வாய் மாலை நிறுவனரிடம் போய், அந்த நன்றியைத் திரும்ப எழுத வேண்டும் என்றேன். "நன்றி சொன்னதுலயும் தப்பாம்மா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. செய்தியை எடுத்து இரண்டு இடங்களைக் காட்டினேன். 'கவனக்குறைவால்' என்பதில் ஒருவர் குற்றவாளியாகிறார், 'தனி ஆளாக' என்பதில் நான்கு பேர் காணாமல் போகிறார்கள். இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கம். ஒரு காப்பாற்றியவர் வேண்டுமென்றால் ஒரு கெடுத்தவரும் வேண்டும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் அடைவை அழித்துவிட்ட சம்பவத்தையும் சொன்னேன். அவர்களுக்குச் சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. நடந்ததை வெளிப்படையாக எழுதிய அறிக்கையில் அந்த ஆளை 'குழு உறுப்பினர் 1' என்றுதான் குறித்தார்கள். வழக்கமான பேக்கப்புகள் ஏன் கைகொடுக்கவில்லை என்பதைத்தான் விரிவாக ஆராய்ந்தார்கள். நிறுவனர் கேட்டுக்கொண்டார். "சரி, நீங்களே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

எழுதுவதற்கு முன் ஒன்று செய்தேன். அன்றிரவு இருந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வி: அன்றைக்கு யார் செய்த எந்த வேலை உங்கள் வேலையைச் சுலபமாக்கியது? தன் வேலையைப் பற்றிக் கேட்டால் நம் ஆட்கள் 'ஒண்ணுமில்லைங்க' என்று முடித்துவிடுவார்கள். அடுத்தவர் வேலையைக் கேட்டால் தாராளமாகச் சொல்கிறார்கள். 1:40-க்குக் காப்பக வரிசையைக் கவனித்த விஷயம் எனக்கே அப்படித்தான் தெரிந்தது. நான் அந்த நேரம் யூனிட்காரர் ஒருவரோடு போனில் இருந்தேன். சப்போர்ட் பெண்ணின் பெயரை மூன்று பேர் சொன்னார்கள். 'நம்ம போன் அடிக்கவே இல்லையே, அதுவே பெரிய உதவி' என்றார் ஒருவர்.

இன்னொரு பெயரும் வந்தது. காப்பகத்தை இரண்டு வருடம் முன்பு அமைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து மீட்டுப் பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் இப்போது எங்களிடம் இல்லை, பெங்களூரில் வேலை செய்கிறார். அந்த ஒத்திகை நடக்கும்போதெல்லாம் இது எதற்கு என்று முனகியவர்களில் நானும் ஒருத்தி. அவரை அழைத்துச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "142-உம் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

டியூட்டிப் பொறியாளரிடம் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டேன். 9:59 செய்திக்கு நன்றி எழுத நினைக்கிறேன், எழுதலாமா? அது அவரை மறுபடி விளக்குக்கு முன் நிறுத்துமோ என்ற பயம் எனக்கு இருந்தது. ஒரு நாள் யோசித்து, எழுதுங்கள், ஆனால் பெயர் வேண்டாம் என்றார். அதனால் யார் பெயரையும் எழுதுவதில்லை என்று முடிவுசெய்தேன். ஒருவருக்கு மட்டும் பெயர் இல்லாமல் விட்டால் அதுவே அடையாளமாகிவிடும்.

பணப்பரிசு பற்றியும் பேச்சு வந்தது. மூத்தவருக்கு 10,000 ரூபாய் கொடுக்க நிறுவனர் நினைத்திருந்தார். மூத்தவரே வேண்டாம் என்றார். எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. தீ அணைத்தவருக்குப் பரிசு, தீயே பிடிக்காமல் பார்த்துக்கொள்பவருக்கு ஒன்றுமில்லை என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்க யார் வருவார்? அதற்குப் பதில் ஒரு விதி போட்டோம்: இரவு 11-க்கு மேல் முடக்க வேலையில் இருந்த யாருக்கும், என்ன வேலை என்று கேட்காமல், அடுத்த வேலைநாள் விடுப்பு. அதைச் சப்போர்ட்டுக்கும் சேர்த்தோம்.

கடைசியாக ஒரு தடுமாற்றம். துணை சர்வரை நிறுத்தும் செலவுக் குறைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது நான். முதல் வரைவில் 'இதற்கெல்லாம் காரணம் நான்தான்' என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். மூத்தவரிடம் காட்டினேன். "அக்கா, பழியை நீங்க எடுத்துக்கிட்டா இது உங்களைப் பத்தின லெட்டர் ஆயிடுங்க. நாங்க எல்லாம் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும்" என்றார். அந்தப் பத்தியை எடுத்தேன். ஸ்லாட் எப்படி மிச்சமானது என்பது முடக்கத்தைப் பற்றிய ஆய்வுக் கூட்டத்தில் நேரத்தோடும் விவரத்தோடும் பதிவாயிற்று. அதற்கான இடம் அது.

இரண்டாவது கடிதம்

அடுத்த வெள்ளிக்கிழமை, ஆய்வுக் கூட்டம் முடிந்து மறுநாள், நிறுவனர் பெயரில் போனது இது:

> சென்ற வெள்ளி இரவு 9:41 முதல் 2:20 வரை நம் சேவை நின்றிருந்தது. சனிக்கிழமைச் சம்பளம் எந்த யூனிட்டிலும் தள்ளிப்போகவில்லை. அது எப்படி நடந்தது என்று வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.
>
> எந்தக் கட்டளை எப்போது ஓடியது என்பது 9:59-க்கே முழுதாகக் குரூப்பில் வந்தது. எந்த 142 கோப்புகளைத் தேட வேண்டும் என்று தெரிந்தது அதனால்தான். வேறு எதையும் தொடும் முன் இரண்டு டிஸ்க்கும் நகலெடுக்கப்பட்டன. முழு பேக்கப் ஒன்று பக்கத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தது. அது இருந்த தெம்பில்தான் மற்ற வழியை நிதானமாகச் சோதிக்க முடிந்தது. நகல் சர்வர் நம் காப்பகத்தில் எழுதிவிடாமல் சரியான நேரத்தில் ஒரு கேள்வி தடுத்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகும் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததால் காப்பக வரிசை நின்றிருந்தது தெரிந்தது. யூனிட்டுகளுக்கு இரவு முழுக்க உண்மை மட்டும் சொல்லப்பட்டது. அதனால் யாரும் பொறியாளர்களைத் தொந்தரவு செய்யவில்லை. இதெல்லாம் நடக்கக் காப்பகம் ஒன்று இருந்தது. அதை அமைத்துச் சோதித்து வைத்தவர் இன்று நம்மோடு இல்லை, அவருக்கும் சொல்லியிருக்கிறோம்.
>
> சனிக்கிழமை நான் எழுதியது இதில் பெரும்பகுதியை விட்டுவிட்டது. அன்று எழுதிய 'கவனக்குறைவு' என்ற சொல் தவறு. கையேட்டில் இருந்தபடிதான் வேலை நடந்தது. கையேட்டை மாற்றியிருக்கிறோம். அனைவருக்கும் என் நன்றி.

கடைசிப் பத்தியை நிறுவனர் தானாகச் சேர்த்தார். நான் எழுதிய வரைவில் அது இல்லை.

பிறகு

கைதட்டல் படங்கள் முதல் செய்தியைவிடக் குறைவாகவே வந்தன. அது நீளமான கடிதம். சிலர் வாசித்திருக்கவே மாட்டார்கள். டியூட்டிப் பொறியாளர் வரிசையிலேயே தொடர்ந்தார். இரண்டு வாரம் கழித்து, இன்னொரு சர்வரிலும் ஒரு டிஸ்க்கின் பெயர் உள்ளே இருப்பதற்குப் பொருந்தவில்லை என்று அவரே எடுத்துக் காட்டினார்.

டிஸ்க்கின் பெயர் இப்போது `/data/pg_wal`. கையேட்டில் அந்த அடைவைக் கையால் தொடக்கூடாது என்று முதல் வரியிலேயே இருக்கிறது. ஆள் இல்லாத ஸ்லாட் ஒரு மணி நேரம் நின்றால் போன் அடிக்கும். ஸ்லாட் பிடித்துவைக்கும் அளவுக்கும் வரம்பு போட்டோம். 13-ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது, ஆனால் நாமாகப் போடாவிட்டால் வரம்பே கிடையாது:

```
max_slot_wal_keep_size = 100GB
```

இதற்கும் ஒரு விலை உண்டு. துணை சர்வர் நீண்ட நேரம் விழுந்து கிடந்து வரம்பைத் தாண்டினால் அதைப் புதிதாகக் கட்ட வேண்டிவரும். முதன்மை நிற்பதைவிட அது மேல் என்று ஏற்றுக்கொண்டோம்.

ஒரு பெரிய யூனிட்டின் முதலாளி நேரிலேயே கேட்டார்: "யாருங்க பண்ணுனது?" நான் சொன்னேன்: "எங்க கையேட்டுல தப்பு இருந்ததுங்க. அதை மாத்தியாச்சு, பாருங்க." மாற்றிய பக்கத்தைக் காட்டினேன். அவருக்கு அது முழுத் திருப்தி தந்ததாகத் தெரியவில்லை. ஆள் பெயர் கேட்டவருக்குக் காகிதம் காட்டினால் அப்படித்தான் இருக்கும். ஆனால் கணக்கை எங்களிடமே வைத்திருக்கிறார்.

மாற்றியிருக்க வேண்டியவை

சனிக்கிழமை காலை ஏதாவது எழுதத்தான் வேண்டும். எதுவும் வராமல் இருந்தால் அதுவும் ஒரு மாதிரி இருக்கும். ஆனால் அன்று தேவைப்பட்டது ஒரே வரி: 'சேவை 2:20-க்குத் திரும்பியது, இரவு இருந்த எல்லோருக்கும் நன்றி, தூங்குங்கள், மற்றது பிறகு.' இப்போது அந்த வரியைக் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறோம். நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். விரிவான நன்றி, ஆய்வுக் கூட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் யார் என்ன செய்தார்கள் என்று எழுதுபவருக்கே தெரியாது.

முதல் செய்திக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஆறு நாள் இடைவெளி விட்டது என் தாமதம். செவ்வாய் இரவே டியூட்டிப் பொறியாளரிடம் போய்ப் பேசியிருக்கலாம். கடிதம் தயாராகட்டும் என்று காத்திருந்தேன். அந்த நாட்களில் அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று பிறகும் நான் கேட்கவில்லை.

சோதனை சர்வரில் 40 நிமிடம் தாமதித்தவரிடமும் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சென்ற மாதம் அவர் கையிலிருந்து இன்னொரு சிறு தவறு வந்தது. மூன்றாவது நிமிடத்தில் குரூப்பில் கட்டளையோடு எழுதியிருந்தார்.